அப்பா இறந்த அந்த நாளில் என்ன இருந்தது?

"அப்பா காலமாகி இரண்டரை மாதம் ஆகிறது. அம்மா, அண்ணன், நான், தங்கை என்று நாலு பேர் இருக்கிறோம். அண்ணன் ஒரு நோட்டில் சொத்துக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். நான் கம்ப்யூட்டரில் ஒன்று போட்டிருக்கிறேன். இரண்டும் ஒத்துவரவில்லை. கடன் எவ்வளவு என்பதும் சரியாகத் தெரியாது. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை, ஆனால் பேச உட்கார்ந்தாலே ஆளுக்கொரு தொகை சொல்கிறோம். நாலு பேரும் நம்பி வேலை பார்க்கிற மாதிரி ஒரே பட்டியல் எப்படித் தயாரிப்பது?"

உங்கள் அண்ணனின் நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் தேதி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டர் பட்டியலிலும் பாருங்கள். பெரும்பாலும் இரண்டிலும் இருக்காது. அவர் ஒரு வாரம் பாஸ்புக்கைப் பார்த்து எழுதியிருப்பார், நீங்கள் இன்னொரு வாரம் போனில் இருப்பைப் பார்த்து எழுதியிருப்பீர்கள். நடுவில் பணம் போயிருக்கும், வந்திருக்கும். இரண்டு பேர் கணக்கும் சரியாகவே இருக்கலாம். வேறு வேறு நாளின் கணக்கு, அவ்வளவுதான்.

அதனால் பட்டியலின் தலைப்பில் அப்பா இறந்த தேதியை எழுதுங்கள். அந்த நாளில் அவரிடம் என்னென்ன இருந்தது, அவர் யார் யாருக்கு என்னென்ன தர வேண்டியிருந்தது என்பதை மட்டும் அந்தப் பட்டியல் சொன்னால் போதும். அதற்குப் பிறகு செலவானதும் வரவானதும் அதில் வேண்டாம். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதும் வேண்டாம். இருந்தது, நடந்தது, கிடைக்கப் போவது ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிவிட்டு, எங்கே தப்பு என்று தெரியாமல் வந்து உட்காரும் குடும்பங்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு அண்ணனும் தங்கையும் இதே போல இரண்டு பட்டியல்களோடு வந்தார்கள். எளிதாகப் புரிவதற்காக எண்களைச் சுருக்கி, வீட்டை விட்டுவிட்டு, மற்றதை மட்டும் சொல்கிறேன். அண்ணன் போட்ட சொத்து மொத்தம் 9,40,000. தங்கை போட்டது 7,15,000. வித்தியாசம் 2,25,000. பேச்சில் கொஞ்சம் சூடு ஏறியிருந்தது. நான் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் "இதற்குக் கையில் என்ன காகிதம் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனேன்.

அண்ணன் தலா 1,50,000க்கு இரண்டு வைப்புத்தொகைகளை எழுதியிருந்தார். ரசீதுகளும் இரண்டு இருந்தன, எண்களும் வேறு. ஆனால் முதல் ரசீது முதிர்ந்த தேதியும் இரண்டாவது ரசீது தொடங்கிய தேதியும் ஒன்று. அப்பா டெபாசிட்டைப் புதுப்பித்துவிட்டுப் பழைய ரசீதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறார். இருந்தது ஒரே டெபாசிட்தான். அடுத்தது சேமிப்புக் கணக்கு. இறந்த நாளில் இருப்பு 1,10,000 என்று அண்ணன் எழுதியிருந்தார். தங்கை நாற்பது நாள் கழித்துப் பார்த்த 62,000ஐ எழுதியிருந்தார். இதில் 48,000 வித்தியாசம். மூன்றாவதாக, அப்பா ஒரு நண்பருக்குக் கைமாற்றாகக் கொடுத்த 60,000 அண்ணன் பட்டியலில் இருந்தது, தங்கைக்கு அந்த விஷயமே தெரியாது. நான்காவதாக, அப்பா எப்போதோ வாங்கிப்போட்ட 33,000 மதிப்புள்ள பங்குகளைத் தங்கை கண்டுபிடித்திருந்தார், அண்ணனுக்கு அது தெரியாது. 1,50,000, 48,000, 60,000 மூன்றையும் கூட்டி 33,000ஐக் கழித்தால் சரியாக 2,25,000. யாரும் எதையும் மறைக்கவில்லை என்று தெரிந்ததும் இரண்டு பேர் முகமும் மாறியதை இன்னும் மறக்கவில்லை.

அந்தச் சேமிப்புக் கணக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் தப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். குறைந்த 48,000 மூன்று வழிகளில் போயிருந்தது. இறுதிச் சடங்குக்கு 35,000. அப்பா இறப்பதற்கு மூன்று நாள் முன்பு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த 9,000க்கான செக், அவர் இறந்த பிறகுதான் வங்கிக்கு வந்து பணமானது. மீதி 4,000, தானாகப் பிடித்துக்கொண்ட கடன் தவணை. இப்போது யோசித்துப் பாருங்கள். கடன் பட்டியலில் கடன் நிலுவையை இறந்த நாள் கணக்குப்படி முழுதாக எழுதிவிட்டு, சொத்துப் பட்டியலில் 62,000 என்று எழுதினால், அந்த 4,000 இரண்டு தடவை கழிந்துவிடும். செக்கை நிலுவையாகவும் காட்டினால் 9,000க்கும் அதே கதிதான். இரண்டு பக்கமும் ஒரே தேதியில் நின்றால் இந்தச் சிக்கலே வராது. இருப்பு 1,10,000 சொத்துப் பக்கம் போகும். பணமாகாத செக் 9,000 கடன் பக்கம் போகும். கடன் நிலுவை அன்றைய தேதிக்கு என்னவோ அதுவும் கடன் பக்கம் போகும். 35,000 இந்த இரண்டு பக்கத்திலும் வராது, அது அந்த நாளுக்குப் பிறகு வந்த செலவு.

அதற்குத்தான் மூன்றாவது தாள். முதல் தாள் சொத்து, இரண்டாவது கடன், மூன்றாவது "பிறகு நடந்த வரவு செலவு". இறுதிச் சடங்குச் செலவு, அப்பா கணக்கில் வந்து விழுந்த வாடகை, கட்டிய மின் கட்டணம், உங்களில் யாராவது கைக்காசைப் போட்டது எல்லாம் தேதி வாரியாக, யார் கொடுத்தது என்ற பெயரோடு மூன்றாவது தாளில் வர வேண்டும். இறுதிச் சடங்குச் செலவை மற்றக் கடன்களுக்கு முன்பாகச் சொத்திலிருந்து எடுத்துக்கொள்ளப் பல நாட்டுச் சட்டங்கள் அனுமதிக்கின்றன. அதனால் அந்த ரசீதுகளைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். அப்பாவின் ஏடிஎம் கார்டு இன்னும் யாரிடமாவது இருந்தால், இன்றிலிருந்து அதைப் பயன்படுத்த வேண்டாம். ஏற்கெனவே எடுத்த பணம் இருந்தால், எடுத்தவரே மூன்றாவது தாளில் தன் கையால் எழுதிவிடட்டும். பிறகு வங்கி அறிக்கையில் மற்றவர்கள் அதைப் பார்த்துக் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இனி ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். "வங்கிப் பணம் 1,10,000" என்று எழுதினால் அது நினைவுக் குறிப்பு, அவ்வளவுதான். நான் அந்தக் குடும்பத்துக்கு எழுதிக்கொடுத்த வரி இது: "வரிசை 7. சேமிப்புக் கணக்கு, கடைசி நான்கு எண்கள் 4412. அப்பா பெயரில் மட்டும். நாமினி: அம்மா. இறந்த நாள் இருப்பு 1,10,000. ஆதாரம்: வங்கி கொடுத்த இருப்புச் சான்று, காகிதம் 7. நிலை: உறுதி." நாலு பேரில் யார் படித்தாலும் எந்தக் கணக்கு, யார் பெயரில், எந்த நாளில், எதை வைத்துச் சொல்கிறோம் என்பது விளங்கிவிடும். ஆதாரக் காகிதத்தின் மூலையிலும் பென்சிலால் அதே 7ஐப் போட்டு, வரிசைப்படி ஒரு கோப்பில் அடுக்கிவிடுங்கள். ஏதாவது ஒரு வரி தவறென்று தெரிந்தால் அதை அழிக்க வேண்டாம். கோடு போட்டு அடித்து, காரணம் எழுதி, அந்த எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள். எட்டாவது வரி ஏழாவதாக மாறிவிட்டால் காகிதங்களும் பேச்சும் மறுபடி குழம்பும்.

"நிலை" என்ற கட்டத்தில் நான் மூன்று சொற்களை மட்டும்தான் அனுமதிப்பேன்: உறுதி, மதிப்பீடு, விசாரணையில். வங்கியிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ எழுத்தில் வாங்கியது உறுதி. வீடு, நிலம், வண்டி, நகை போன்றவை மதிப்பீடு. இருக்கிறது என்று நினைக்கிறோம், காகிதம் வரவில்லை என்றால் விசாரணையில். மொத்தத் தொகையையும் அதே மாதிரி மூன்றாகப் பிரித்துக் காட்டுங்கள். அந்த அண்ணன் தங்கை கணக்கில் நண்பருக்குக் கொடுத்த 60,000க்கு எழுத்து எதுவும் இல்லாததால் அது விசாரணையில் போனது. மீதி 7,63,000 என்று இரண்டு பட்டியலும் ஒரே எண்ணில் வந்து நின்றன.

வங்கியில் இருப்புச் சான்று கேட்கும்போது, "இறந்த தேதி வரை சேர்ந்த வட்டியோடு" என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். வைப்புத்தொகையில் அசல் மட்டும் எழுதிவிட்டு, கணக்கில் இன்னும் ஏறாத வட்டியை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிற தவறு. கடனிலும் அப்படித்தான். அன்றைய தேதிக்கு அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். இன்று கடனை முடித்தால் எவ்வளவு என்று அவர்கள் சொல்லும் தொகை வேறு, அதில் முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணமும் சேர்ந்திருக்கலாம்.

எதுவும் விடுபடவில்லை என்று எப்படித் தெரியும்? நாலு பேரும் உட்கார்ந்து ஞாபகப்படுத்துவதைவிட ஒரு நல்ல வழி உண்டு. அப்பாவின் எல்லா வங்கிக் கணக்குகளுக்கும் இறந்த தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாத அறிக்கையை வாங்குங்கள், முடிந்தால் இருபத்து நான்கு மாதம். ஆண்டுக்கு ஒரு தடவை போகிற, வருகிற எதுவும் அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் ஒரு தடவையாவது தலைகாட்டிவிடும். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, "இது எதற்கு?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். லாக்கர் வாடகை போயிருந்தால் எங்கோ ஒரு லாக்கர் இருக்கிறது. பிரீமியம் போயிருந்தால் ஒரு பாலிசி இருக்கிறது. சில நூறு மட்டும் ஈவுத்தொகையாக வந்திருந்தால் பங்குகள் இருக்கின்றன. அந்தத் தங்கை 33,000 பங்குகளைக் கண்டுபிடித்தது இப்படித்தான், ஒரு சின்ன வரவை விட்டுவிடாமல் பின்தொடர்ந்து போனதால். மாதாமாதம் ஒருவருக்கே ஒரே தொகை போயிருந்தால் அது வாங்கிய கடனுக்கான வட்டியா என்று விசாரியுங்கள். விளக்கம் கிடைக்காத வரிகளைத் தனியாக எழுதி வையுங்கள். அம்மாவைக் கேட்டால் பாதிக்கு உடனே பதில் கிடைத்துவிடும். கடைசியாகத் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கும் கையில் இருந்தால், அதில் காட்டிய வட்டியும் வாடகையும் உங்கள் பட்டியலில் உள்ள டெபாசிட்டுகளோடும் கட்டடங்களோடும் பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடன் தாளில் வங்கிக் கடனை யாரும் மறப்பதில்லை. மறப்பது மற்றவற்றைத்தான். வாடகைக்கு இருப்பவரிடம் அப்பா வாங்கிய முன்பணம் ஒரு கடன், அவர் காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டும். இன்னும் கட்டாத மருத்துவமனை பில் கடன். அப்பா உயிரோடு இருக்கும்போதே உங்களில் ஒருவர் அந்த பில்லைக் கைக்காசில் கட்டியிருந்து, பிறகு வாங்கிக்கொள்வதாகப் பேச்சு இருந்திருந்தால், அவருக்கு அப்பா தர வேண்டியது என்று அதே தாளில் வரும். அந்த பில்லுக்கு மருத்துவக் காப்பீட்டிலிருந்து வர வேண்டிய தொகை இருந்தால் அது சொத்துத் தாளில் ஒரு வரி. அப்பா வேறொருவரின் கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தால், அதைத் தொகை கூட்டாமல் தனி வரியாக எழுதுங்கள். கடன் வாங்கியவர் ஒழுங்காகக் கட்டுகிற வரை ஒன்றுமில்லை, நின்றுவிட்டால் கேள்வி உங்கள் வாசலுக்கு வரும். ஒவ்வொரு வங்கிக் கடனுக்கும் எதிரே, எந்தச் சொத்து அடமானம் என்பதையும், கடன் வாங்கியவர் இறந்தால் அடைக்கிற காப்பீடு அதோடு சேர்ந்திருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டாவது கேள்வியை வங்கியிடம் நீங்களாகத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

காகிதமில்லாத கடன்காரர் யாராவது வந்து "உங்கப்பா எனக்குத் தர வேண்டும்" என்றால், அவமதிக்கவும் வேண்டாம், அங்கேயே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். எந்தத் தேதி, எவ்வளவு, எப்படிக் கொடுத்தார் என்று எழுதி வாங்கி, விசாரணையில் போடுங்கள். அந்தத் தேதியை ஒட்டி அப்பா கணக்கில் அந்தத் தொகை வந்திருக்கிறதா என்று அறிக்கை சொல்லும். பட்டியல் முடியும் வரை எந்தக் கடனையும், எவ்வளவு நெருங்கியவருக்கானாலும், அவசரப்பட்டு அடைக்க வேண்டாம். சொத்தைவிடக் கடன் அதிகம் என்று கடைசியில் தெரிந்தால், யாருக்கு முதலில் என்பதற்குச் சட்டத்தில் வரிசை உண்டு. அதை மீறி ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

பட்டியலுக்கும் கடனுக்கும் உள்ள இந்த உறவு மிகப் பழையது. ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் 531இல் ஒரு விதி கொண்டுவந்தார். அதுவரை சொத்தை ஏற்ற வாரிசு, இறந்தவரின் கடன் முழுவதையும் தேவைப்பட்டால் தன் சொந்தக் காசிலிருந்தே கட்ட வேண்டியிருந்தது. 30 நாளுக்குள் தொடங்கி, அடுத்த 60 நாளுக்குள் முறைப்படி சொத்துப் பட்டியலை முடித்த வாரிசுக்கு, வந்த சொத்தின் அளவுக்கு மேல் கடன் பொறுப்பு இல்லை என்று அவர் மாற்றினார். ஃபிரான்ஸ் போன்ற நாடுகளின் சட்டத்தில் இதன் வழிவந்த முறை இன்றும் இருக்கிறது. உங்களுக்குப் பொருந்தும் சட்டத்தில் கெடு ஏதாவது இருக்கிறதா என்பதை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள், ஏற்கெனவே இரண்டரை மாதம் ஆகிவிட்டது.

கூட்டுக் கணக்கு, நாமினி போட்ட டெபாசிட், பயனாளி பெயர் குறித்த காப்பீடு மூன்றையும் சொத்துத் தாளின் அடியில் தனிப் பகுதியாக எழுதி, தனியாகக் கூட்டுங்கள். உயிரோடிருக்கும் கூட்டாளிக்கே முழுப் பணமும் போகும் என்று சில இடங்களில் சட்டம் இருக்கிறது. நாமினி என்பவர் வாரிசுகளுக்காகப் பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே என்று வேறு இடங்களில் இருக்கிறது. அதைத் தீர்மானிப்பது பட்டியலின் வேலை இல்லை. யார் பெயர் இருக்கிறது என்று எழுதினால் போதும்.

பிள்ளைகளுக்கு அப்பா கொடுத்த பணமும் இப்படித்தான். அண்ணன் தொழில் தொடங்கக் கொடுத்தாரா, உங்கள் திருமணத்துக்குக் கொடுத்தாரா, அது கடனா அன்பளிப்பா என்று நாலு பேருக்கு நாலு கருத்து இருக்கும். அந்த வாதத்தைப் பட்டியலுக்குள் நடத்த வேண்டாம். "இந்தத் தேதியில் இவருக்கு இவ்வளவு கொடுக்கப்பட்டது. கடன் என்கிறார் இவர், அன்பளிப்பு என்கிறார் அவர்" என்று இரண்டு பக்கத்தையும் அவரவர் சொன்னபடியே எழுதி, தொகையை மொத்தத்தில் சேர்க்காமல் விடுங்கள். தன் கருத்தும் அங்கே பதிவாகியிருக்கிறது என்று தெரிந்தாலே பலருக்கு வேகம் தணிந்துவிடும்.

வீட்டின் மதிப்பை உங்களுக்குள் பேசி முடிவு செய்ய வேண்டாம். குடும்பத்தோடு தொடர்பில்லாத ஒரு மதிப்பீட்டாளரிடம், இறந்த தேதிக்கான சந்தை மதிப்பு என்று சொல்லி எழுத்தில் வாங்குங்கள். வரி ரசீதில் உள்ள மதிப்பும் சந்தை மதிப்பும் ஒன்றல்ல. ஒரு நிலத்துக்கு ஒன்றும் இன்னொரு நிலத்துக்கு மற்றதும் போட்டால் பங்கு பேசும்போது அநியாயம் ஆகிவிடும். நகையை எடை போட்டு, தராசில் எண் தெரியும்படி படம் எடுத்து ஒவ்வொன்றாக எழுதுங்கள். அம்மாவின் சொந்த நகை அப்பாவின் சொத்தில்லை. அதை முதலிலேயே அவர் கையாலேயே எடுத்துத் தனியே வைக்கச் சொல்லுங்கள், எழுதவே வேண்டாம். தட்டுமுட்டுச் சாமான்களுக்கு அறைக்கு ஒரு வரியும் நாலு படமும் போதும். ஆனால் அப்பாவின் கைக்கடிகாரம், பேனா மாதிரி விலை குறைந்தாலும் ஒவ்வொருவரும் மனதில் வைத்திருக்கும் பொருள்களைத் தனி வரியாக எழுதுங்கள். நான் பார்த்த கசப்புகளில் சில பெரிய நிலத்தால் வந்தவை அல்ல, பட்டியலில் ஏறாமல் அலமாரியிலிருந்து காணாமல் போன ஒரு கடிகாரத்தால் வந்தவை.

எழுதுகிற கை ஒன்றாக இருக்கட்டும். உங்களிடம் கம்ப்யூட்டர் பட்டியல் ஏற்கெனவே இருப்பதால் நீங்களே எழுதுங்கள். காகிதக் கோப்பை அண்ணன் வைத்துக்கொள்ளட்டும், அப்போது ஒருவர் எழுதுவதை மற்றவர் சரிபார்த்தபடியே இருப்பார். மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள், திருத்த வேண்டாம். திருத்தம் இருந்தால் வரிசை எண்ணைச் சொல்லி உங்களுக்கு எழுதி அனுப்பட்டும். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் பதிப்பு எண்ணும் தேதியும் மேலே போட்டு, எந்த வரி ஏன் மாறியது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்து, நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். தங்கைக்கு மட்டும் பழைய பதிப்பு போய்விட்டால் மறுபடி ஆளுக்கொரு தொகைதான்.

"விசாரணையில்" என்ற சொல் எந்த வரியிலும் மிஞ்சாத நாளில், அல்லது மிஞ்சியவை இனித் தீராது என்று நாலு பேருக்கும் தெரிந்த நாளில், அச்செடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்துக்கு மேலே இந்த வாக்கியத்தை எழுத மறக்க வேண்டாம்: "மேலே உள்ள சொத்துகளையும் கடன்களையும் ஆதாரங்களோடு பார்த்தேன். பங்கு பற்றி இதில் எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை." அது இருந்தால் அம்மாகூடத் தயங்காமல் கையெழுத்துப் போடுவார். பங்குப் பேச்சுக்கு அந்தத் தாளோடு வேறொரு நாள் உட்காரலாம்.